ட்ராயருக்குள் கிடந்த என் மனு

என்னைக் கிரேடு இறக்கப் போகிறார்கள் என்பது எனக்கு முன்னாலேயே தெரியும். ராஜபாளையத்தில் நான் வேலை பார்க்கும் நூல் மில்லில், ஷிப்ட் சூப்பர்வைசர் ஒருவரை மூன்று ஆய்வுக் கூட்டத்துக்கு வரிசையாகக் கூப்பிட்டு, மூன்றிலும் "உற்பத்தி குறைவு" என்று எழுதிக் கையெழுத்து வாங்கினால் அடுத்தது என்ன வரும் என்று கேன்டீனில் டீ ஊற்றுகிறவருக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரியாமல் இருந்தது சம்பளத்தை என்ன செய்வார்கள் என்பதுதான். மகள் மதுரையில் நர்சிங் இரண்டாம் வருஷம். கல்லூரிக்கும் ஹாஸ்டலுக்கும் என் சம்பளத்தை விட்டால் வேறு வழி கிடையாது. சூப்பர்வைசர் படிகிடி போனாலும் சமாளித்துவிடலாம், அடிப்படைச் சம்பளம் போனால் பிள்ளையைப் பாதியில் கூட்டிவர வேண்டியதுதான் என்று மனைவியும் நானும் பல தடவை பேசியிருந்தோம்.

நான் ஏழாம் வகுப்போடு நின்றவன். அதே மில்லில் டாஃபராகச் சேர்ந்து, நூல் நிறைந்த கட்டைகளைக் கழற்றி வெறுங்கட்டை மாட்டுகிற வேலையில் தொடங்கி, பிறகு மெஷினைப் பழுது பார்த்து ஓட வைக்கும் ஜாபர் ஆனேன். ஜாபர் வேலையில் என்னைக் குறை சொன்னவர் இல்லை. டிப்ளமோ படித்த பையன்கள் சேர்வதும் ஆறு மாதத்தில் கோயம்புத்தூருக்குப் போவதுமாக இருந்த ஒரு சமயத்தில், "உனக்கு மெஷினு தெரியும், ஆளுகளும் சொன்னாக் கேக்குறாக, நீயே ஷிப்டைப் பாரு" என்று மேனேஜர் என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிவிட்டார். எல்லாரும் கை கொடுத்தார்கள்.

முதல் மாதத்திலேயே என் ஷிப்டில் ஓடிய நூல் திருப்பூரிலிருந்து திரும்பி வந்தது. துணியில் கோடு விழுகிறதாம். யார் தப்பு என்று கடைசி வரை முடிவாகவில்லை. என்னை யாரும் திட்டவும் இல்லை. ஆனால் அந்தத் திரும்பி வந்த பெட்டிகளைக் குடோனில் அடுக்கிவைத்திருந்ததை நான் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். அதிலிருந்து ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. காற்றில் ஈரம் கொஞ்சம் குறைந்தாலும், ஒரு மெஷினில் இழை நாலைந்து சேர்ந்தாற்போல் அறுந்தாலும், உடனே போய் ஓட்ட வேகத்தைக் குறைத்துவிடுவேன். மற்ற ஷிப்டில் அப்படி அறுந்தால், மெஷினுக்கு மெஷின் நடந்து இழையைக் கவனிக்கும் சைடர் பெண்கள் ஓடி ஓடி ஒட்டுவார்கள், மெஷின் வேகம் மாறாது. என் ஷிப்டில் மெஷின் நிதானமாக ஓடும், பெண்கள் நிதானமாக நடப்பார்கள். நூல் நன்றாக இருக்கும். ஆனால் சூப்பர்வைசரை நூலின் அழகை வைத்து அளப்பதில்லை. நூல் சுற்றுகிற கதிர், அதாவது ஒரு ஸ்பிண்டிலுக்கு எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. அது என் ஷிப்டில் எப்போதும் கீழே நின்றது.

"வேகத்தைக் கொறைக்காதய்யா, அறுந்தா அறுந்துட்டுப் போகுது" என்று மேனேஜர் எத்தனையோ தடவை சொன்னார். சரி சார் என்பேன். அவர் தலை மறைந்ததும் கை தானாகப் போகும்.

இரண்டாவது ஆய்வு முடிந்த மறுநாள்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். வீட்டில் உட்கார்ந்து, மகளின் பழைய நோட்டிலிருந்து கோடு போடாத தாளைக் கிழித்து, மேனேஜருக்கு ஒரு மனு எழுதினேன். நாமே முன்னால் போய்ப் பணிந்து கேட்டுவிட்டால் பெரிய தண்டனை வராது என்பது என் எண்ணம். தாலுகா ஆபீஸுக்கும் ரேஷன் கடைக்கும் மனு எழுதிப் பழகிய கை. "ஐயா அவர்களுக்குப் பணிவான வணக்கம். சூப்பர்வைசர் பொறுப்பு எனக்கு மிகவும் பாரமாக உள்ளது. என்னைப் பழைய ஜாபர் வேலைக்கே மாற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். மனு என்றால் கடைசியில் ஒரு பணிவு வேண்டாமா? "ஐயா அவர்கள் பார்த்து எந்தச் சம்பளம் கொடுத்தாலும் எனக்குப் பூரண சம்மதம். என்றும் தங்கள் விசுவாசமுள்ள ஊழியன்" என்று முடித்தேன். எழுதி முடித்து ஒரு தடவை வாய்விட்டுப் படித்தேன். நன்றாக இருந்தது.

மேனேஜர் அதைப் படித்துவிட்டு, "போய் வேலையைப் பாருய்யா, இன்னும் ஒரு ரிவ்யூ இருக்குல்ல" என்று சொல்லி ட்ராயரைத் திறந்து உள்ளே போட்டார். அதற்குப் பிறகு அவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. மூன்றாவது ஆய்விலும் கிராம் குறைந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு எச்.ஆர். ஆபீசிலிருந்து கூப்பிட்டார்கள். அங்கே இருக்கிற மேடத்துக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். மரியாதையாகப் பேசுவார். உட்காரச் சொன்னார். நான் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, இது இன்னும் ஃபைனல் ஆகல. ஹெட் ஆபீஸ் அப்ரூவல் வந்ததும் தருவோம். நீங்க திடீர்னு பாத்து அதிர்ச்சி ஆகக் கூடாதுன்னுதான் முன்னாடியே வாசிச்சுக் காட்றேன்" என்று சொல்லி, கம்ப்யூட்டரில் இருந்த கடிதத்தைத் தமிழில் வாசித்தார்.

"தாங்கள் ஷிப்ட் சூப்பர்வைசராகப் பணியாற்றிய காலத்தில் நடைபெற்ற மூன்று ஆய்வுகளிலும் தங்கள் ஷிப்டின் உற்பத்தி நிர்ணயிக்கப்பட்ட அளவை எட்டவில்லை. ஒவ்வொரு ஆய்வுக்குப் பின்னும் குறைபாடுகள் எழுத்துமூலம் தெரிவிக்கப்பட்டு, பயிற்சியும் கால அவகாசமும் அளிக்கப்பட்டன. எதிர்பார்த்த முன்னேற்றம் ஏற்படாததால், வரும் முதல் தேதி முதல் தாங்கள் ஜாபர் கிரேடுக்கு மாற்றப்படுகிறீர்கள்."

ஒவ்வொரு வரியும் உண்மை. அதில் எதையாவது இல்லை என்று சொல்ல முடியுமா என்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த பத்திதான் சம்பளம். எனக்குக் காது அடைத்ததுபோல் இருந்ததால் மேடம் அதை இரண்டு தடவை வாசித்தார். அடிப்படைச் சம்பளம் குறையாது. ஜாபர் கிரேடு சம்பளத்துக்கும் இப்போது வாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பர்சனல் பே என்று தனி வரியில் போட்டுக் கொடுப்பார்கள். சூப்பர்வைசர் படி மட்டும் நின்றுவிடும். பி.எஃப்., கிராஜுட்டி, சர்வீஸ், சேர்ந்திருக்கிற லீவு எதற்கும் பாதகம் இல்லை.

"பர்சனல் பேன்னா எம்புட்டு நாளைக்கு மேடம்?"

"அது கரையுற வரைக்கும் இருக்கும். வருஷா வருஷம் இன்க்ரிமென்ட் வரும்ல, அந்த அளவுக்கு இது கொறஞ்சுக்கிட்டே வரும். அதாவது இன்னும் நாலஞ்சு வருஷத்துக்கு உங்க சம்பளம் கூடாது. ஆனா கொறையவும் கொறையாது."

நாலைந்து வருஷம். மகள் படித்து முடித்து வேலைக்கே போய்விடுவாள். எனக்கு மூச்சு வந்தது. இறக்கம் இறக்கம்தான், ஆனாலும் பிழைத்தோம் என்று நினைத்தேன். அப்படியே எழுந்து வந்திருக்க வேண்டும்.

எழுந்து கதவு வரை போனவன் திரும்பினேன். ஒரு சந்தேகம் வந்துவிட்டால் அதைக் கேட்காமல் என்னால் இருக்க முடியாது. சைக்கிளைப் பூட்டிவிட்டு, பூட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

"மேடம், நான் எழுதிக் குடுத்த லெட்டரை இதுல சேத்திருக்கா?"

"எந்த லெட்டர்?"

அவர் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கு ஒன்றும் தெரியாது என்று புரிந்துவிட்டது. ஒண்ணுமில்ல மேடம் என்று சொல்லி வந்திருக்கலாம். எனக்கு வாய் நிற்கவில்லை. "அதான் மேடம், என்னை ஜாபராவே மாத்திருங்கன்னு மேனேஜர்கிட்டக் குடுத்தேன்ல. ட்ராயர்ல வச்சாரு" என்றேன்.

மேடம் போனை எடுத்தார். பத்து நிமிஷத்தில் மேனேஜர் அந்தத் தாளோடு வந்தார். மகள் நோட்டில் கிழித்ததன் ஓரம் பிசிறு பிசிறாக இருந்தது. மேடம் அதை நின்றுகொண்டே படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் உட்கார்ந்தார்.

"அண்ணே, எந்தச் சம்பளம் குடுத்தாலும் சம்மதம்னு எழுதியிருக்கீங்களே."

"அது சும்மா மரியாதைக்கு மேடம். மனுன்னா அப்படித்தான எழுதுவோம்."

"எனக்குப் புரியுது. ஹெட் ஆபீஸ்ல படிக்கிறவங்களுக்கு எப்படிப் புரியும்? நிர்வாகமா இறக்குனா அடிப்படைச் சம்பளத்தத் தொட மாட்டாங்க. தொட்டா நோட்டீசு, லேபர் ஆபீசு, கேசுன்னு வரும்னு பயம். அதனாலதான் பர்சனல் பே. ஆனா ஆளே எழுதிக் கேட்டு எறங்குனா அது வேற ரூல். கீழ் கிரேடு சம்பளம்தான். பர்சனல் பே கிடையாது."

"அப்ப அதைக் கிழிச்சிருங்க மேடம்."

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் சுவரைப் பார்த்தார்.

"நான் பாக்காம இருந்தா வேற. பாத்ததுக்கு அப்புறம் ஃபைல்ல வைக்காம இருக்க முடியாதுண்ணே. நாளைக்கு ஆடிட்ல கேட்டா என் வேலை போயிரும்."

வெளியே வராந்தாவில் மேனேஜர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். கோபம் வந்தால் இரண்டு பாஷையும் கலந்து வரும். "ஏமய்யா, நான் அதை மறந்தே போயிட்டேன்யா! ட்ராயருக்குள்ள கெடந்துட்டுப் போகுது. ரிடையர் ஆகுறப்ப குப்பையோட குப்பையாப் போயிருக்கும். உன்னை யாரு கேட்டா?"

"ஒருவேளை சேத்திருந்தா என்ன செய்யிறதுன்னுதான் சார்..."

"சேத்திருந்தா அவிய சொல்லியிருக்க மாட்டாகளா? போய்யா." திட்டிவிட்டு அவரே வழியும் சொன்னார். "வாபஸ் வாங்குறேன்னு ஒரு லெட்டர் எழுதிக் குடு. இந்தத் தடவை பணிவு கிணிவெல்லாம் வேண்டாம். ரெண்டே வரி."

அன்று மில் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கினேன். வீடு மடவார் வளாகத்தில். எதிர்வீட்டில் இருப்பவர் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தா. எங்கள் தெருவில் யாருக்கு எந்தத் தாள் வந்தாலும் முதலில் அவரிடம்தான் போகும். வாசலில் ஈரத் துண்டோடு நின்றவரைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னேன். மனைவியும் பின்னாலேயே வந்துவிட்டாள்.

குமாஸ்தா முழுவதையும் கேட்டுவிட்டு என் மனைவியிடம் சொன்னார்: "தங்கச்சி, எங்க கோர்ட்டுக்கு வர்ற குத்தவாளிய அடிச்சாக்கூட இப்படி ஒத்துக்க மாட்டான். இவரு ஆட்டோ பிடிச்சுப் போயி ஒத்துக்கிட்டு வந்திருக்காரு."

"என்கிட்டச் சொல்லாமயே எழுதியிருக்காருண்ணே. கேக்காத கேள்விக்குப் பதில் எழுதுறதுன்னா இவுகளுக்கு அம்புட்டுப் பிரியம்" என்றாள் அவள். குரலில் கோபத்தை விடப் பயம்தான் இருந்தது.

குமாஸ்தா உள்ளே போய்த் தாள் எடுத்துவந்து தன் கையால் எழுதினார். மனுவை வாபஸ் பெறுகிறேன், அதிலுள்ள சம்பளம் பற்றிய வரியை என் சம்மதமாகக் கொள்ளக் கூடாது. அவ்வளவுதான். நான் "பணிவுடன்" என்று ஒரு வார்த்தை சேர்க்கலாமா என்றேன். பேனாவை என் பக்கம் நீட்டாமல் தன் சட்டைப் பையில் செருகிக்கொண்டார்.

"இன்னொண்ணு. ஃபைனல் லெட்டர் தருவாங்கள்ல, காப்பில கையெழுத்துக் கேப்பாங்க. போடும். போடாட்டி அதையும் ஒரு குத்தமா எழுதுவாங்க. கையெழுத்துப் போட்டா வாங்கிக்கிட்டோம்னுதான் அர்த்தம், ஒத்துக்கிட்டோம்னு இல்ல. ஆனா சம்பளத்துல கை வச்சிருந்தா மட்டும், கையெழுத்துக்கு மேல 'எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்'னு எழுதும். பொறவு லேபர் ஆபீஸுக்குப் போனா அந்த ஒரு வார்த்தைதான் உமக்குத் துணை. விளங்குதா?"

விளங்கியது. பஸ்ஸில் போகும்போது மனசுக்குள் அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் யாரோ பின்னாலிருந்து கேட்டுவிட்டதுபோல் இருந்தது.

புதன்கிழமை மேடம் என் வாபஸ் கடிதத்தை வாங்கி, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை போட்டுக் கொடுத்தார். "ரெண்டையும் சேர்த்து அனுப்புறேன். என்னால முடிஞ்சதை மெயில்ல எழுதியிருக்கேன்" என்றார். பிறகு ஐந்து நாள். ஷிப்டில் நான் இன்னும் சூப்பர்வைசர்தான். மெஷின் வேகத்தில் கை வைக்கவே இல்லை. இழை அறுந்துகொண்டே இருந்தது. ஒரு சைடரம்மா மூச்சு வாங்க வந்து நின்று, "என்ன சூப்பர்வைசரண்ணே, நல்லாத்தான இருந்தீக? எங்க மேல என்ன கோவம்?" என்று கேட்டாள். அந்த ஐந்து நாளும் கிராம் கூடியிருந்தது. மேனேஜர் உற்பத்திக் கணக்குத் தாளைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் கூப்பிட்டார்கள். மேடம் இந்தத் தடவை வாசிக்கவில்லை. கடிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். மூன்று ஆய்வும் அப்படியே இருந்தது. எழுத்துமூலம் தெரிவித்தது, பயிற்சி, அவகாசம் எல்லாம் இருந்தது. அதன் கீழே புதிதாக ஒரு வரி: "தாங்களும் இதே மாற்றத்தைக் கோரி முன்னர் மனு அளித்திருப்பது கவனத்தில் கொள்ளப்பட்டது." சம்பளப் பத்தியில், தனிநபர் ஊதியம், அதாவது அந்தப் பர்சனல் பே, ஆறு மாதங்களுக்கு மட்டும் வழங்கப்படும், அதன்பின் ஜாபர் கிரேடின் சம்பளம் மட்டுமே என்று இருந்தது.

எழுதிக் கேட்டதற்கு மரியாதையாக என் குறையைக் கடிதத்திலிருந்து நீக்கியிருக்கலாம். குறைக்காக இறக்கினோம் என்றால் சம்பளத்தை விட்டிருக்கலாம். குறையையும் எழுதினார்கள், சம்பளத்தையும் எடுத்துக்கொண்டார்கள்.

"வாபஸ் லெட்டர் மேடம்?"

"அதுனாலதான் ஆறு மாசம். இல்லாட்டி முதல் மாசமே கட் பண்ணச் சொன்னாங்க. நானும் மேனேஜரும் பேசித்தான்..." அவர் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "ஆறு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ இருக்கு. ஜாபர் வேலை நல்லா இருந்தா எக்ஸ்டென்ஷன் கேக்கலாம். கேக்கலாம்தான். உறுதி சொல்ல மாட்டேன்."

ஒரு பிரதி எனக்கு, ஒரு பிரதி ஃபைலுக்கு. ஃபைல் பிரதியின் அடியில் கையெழுத்துக்குக் கோடு போட்டிருந்தது. கோட்டுக்கு மேலே நாலு விரல் இடம். குமாஸ்தா சொன்ன வார்த்தைக்கு அது தாராளம்.

பேனாவைக் கையில் வாங்கினேன். மேடம் எதிரே உட்கார்ந்திருந்தார். எனக்காக மெயில் எழுதியவர். மேனேஜர் கதவோரம் நின்றார். எனக்காகப் பேசியவர். இவர்கள் இரண்டு பேர் முன்னால், இவர்கள் வாங்கிக் கொடுத்த ஆறு மாதத்துக்கு மேல், எதிர்ப்பு என்று எழுத வேண்டும். எழுதினால் அந்த ஆறு மாதத்தையும் பிடுங்கிவிடுவார்களோ? ஆறு மாதம் கழித்து நீட்டிக்கக் கேட்கும்போது, அன்றைக்கு எதிர்ப்பு எழுதினவன்தானே என்பார்களோ? மேடத்திடமே கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்டு வந்த வினைதான் முன்னால் கிடக்கிறது. வாயை மூடிக்கொண்டேன்.

"பெற்றுக்கொண்டேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதன் கீழே தேதி. மேடம் பிரதியை எடுத்து, துளை போட்டு, என் மனுவுக்கு மேல் கோர்த்தார்.

முதல் தேதியிலிருந்து பழைய ஜாபர் சட்டை. என் இடத்துக்குப் பக்கத்து யூனிட்டிலிருந்து ஒருவர் வந்தார். அவர் வேகத்தைக் குறைப்பதில்லை. நான் ஸ்பேனரோடு நடக்கும்போது எந்த மெஷினில் இழை அறுகிறது என்று சத்தத்திலேயே தெரியும். வேகத்தைப் பற்றிச் சொல்வது இப்போது என் வேலை இல்லை. சொல்வதில்லை. அதில் கொஞ்சம் நிம்மதிகூட இருக்கிறது என்று சொன்னால் வீட்டில் அடி விழும்.

கையெழுத்துப் போட்ட அன்று வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே நின்றாள். எதிர்வீட்டு வாசலில் குமாஸ்தாவும் நின்றார். நான் கடிதத்தை நீட்டினேன். அவள் சம்பளப் பத்தியைப் படித்துவிட்டு, ஆறு விரல் மடக்கி மாதங்களை எண்ணினாள். மகளுக்கு அதற்குப் பிறகு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி இருந்தது.

"அந்த வார்த்தைய எழுதிட்டீகள்ல?" என்றாள்.

என்னிடம் இருந்தது என் பிரதி. அதில் கையெழுத்து இல்லை. அவளால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. சாப்பாடு எடுத்து வை என்று சொல்லிவிட்டுச் செருப்பைக் கழற்றக் குனிந்தேன். நிமிர்ந்தபோது, எழுதவில்லை என்று புரிந்தவளாகக் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தாள். குமாஸ்தா வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது.